நூறு வெள்ளியில் நாய் வளர்ப்போம் என்னும் பொய்க்கணக்கு



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனது செல்லப்பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுப்பது நம் பள்ளிகளில் வழக்கம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாணவன் தன் வீட்டு நாயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினான். வாலாட்டுவதையும், பள்ளி விட்டு வரும்போது வாயிற்கதவில் நின்று குரைப்பதையும் அழகாகவே எழுதியிருந்தான். பாதி ஆண்டு கழிந்தபின் அதே மாணவனிடம், "உன் நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "டீச்சர், அதுக்குக் காய்ச்சல் வந்துச்சு. கிளினிக்கில நிறைய காசு கேட்டாங்க. அப்பா செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டு வந்துட்டாரு."

அந்தத் தந்தையைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அவரை எனக்குத் தெரியும். பிள்ளை கேட்டான் என்பதற்காக நண்பர் வீட்டிலிருந்து இலவசமாகக் குட்டியை வாங்கி வந்தவர். "மாதம் நூறு வெள்ளிக்கு மேல் ஆகாது" என்று எவரோ சொன்னதை நம்பியவர். எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே நூறு வெள்ளிக் கணக்கை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு பிழையானது. அதைச் சொல்வோர் அன்பினால் சொல்கிறார்கள். ஆனால், அதன் விலையை நாயும் பிள்ளையும் கொடுக்கிறார்கள். எனவே, இன்று அந்தக் கணக்கைத் திருத்தி எழுத விரும்புகிறேன்.

நூறு வெள்ளி எங்கிருந்து வந்தது?

பதினைந்து கிலோ எடையுள்ள, குட்டைமுடி கொண்ட ஒரு நாட்டு நாயை எடுத்துக்கொள்வோம். நம் வரிசை வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். கடையில் கிடைக்கும் நடுத்தர வகை உலர் தீனியில் 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் இருக்கும். ஆகவே, நாளொன்றுக்கு 245 கிராம் தீனி தேவை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 90 கிலோ. கிலோ 12 ரிங்கிட் என்று வைத்தால் 1,080 ரிங்கிட். மாதத்திற்கு 90 ரிங்கிட்.

ஆக, அந்த நூறு வெள்ளி முற்றிலும் கற்பனை அன்று. தீனிப் பைக்கு அது சரியாகவே பொருந்துகிறது. மாதந்தோறும் கடையில் பணம் கொடுத்துத் தூக்கி வருவதால் தீனிப் பை எல்லாருடைய நினைவிலும் நிற்கிறது. மற்றச் செலவுகள் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் ஆண்டுக்கு ஒரு முறையும் வருவதால் மறந்துபோகின்றன. நினைவில் நின்றதை மட்டும் கூட்டிவிட்டு, அதையே மொத்தம் என்கிறோம். கணிதத் தாளில் மாணவன் இப்படிச் செய்தால் நாம் மதிப்பெண் தருவோமா?

விடுபட்ட வரிகள்

முதலில் தடுப்பூசி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை ஊசி தொடர வேண்டும். தாய்ப்பாலின்வழி வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் எஞ்சியிருக்கும்வரை அது ஊசியின் வேலையைத் தடுத்துவிடும். அது எப்போது மறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தக் கூடாது. 'ஒன்று போட்டாயிற்று, போதும்' என்று நிறுத்திய வீடுகளில்தான் பார்வோ நோய் புகுந்து, குட்டி இரத்தக் கழிச்சலில் விழுகிறது.

வளர்ந்தபின் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை. குட்டிப் பருவத் தொடரையும் அதற்கடுத்த மறு ஊசியையும் முடித்த நாய்க்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை போதும் என்று உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி கூறுகிறது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான ஊசியோ ஆண்டுதோறும் வேண்டும். சாக்கடை ஓரத்தில் எலி ஓடும் நம் குடியிருப்புகளில் அதைத் தவிர்க்க இயலாது. அந்நோய் மனிதரையும் தாக்கும். வெறிநோய் ஊசியைப் பொறுத்தவரை நீங்கள் வாழும் மாநிலத்தையும் பார்க்க வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் அந்நோய் தலைதூக்கியதை மறந்துவிடக் கூடாது. ஆண்டுப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் சேர்த்து என் கணக்கில் 150 ரிங்கிட்.

அடுத்தது உண்ணியும் இதயப்புழுவும். நூறு வெள்ளிக் கணக்கர்கள் அறவே மறப்பது இந்த வரியைத்தான். குளிர்நாடுகளில் உண்ணியும் கொசுவும் பனிக்காலத்தில் அடங்கும். நமக்குப் பன்னிரண்டு மாதமும் அவற்றின் காலமே. உண்ணி கடித்தால் எர்லிக்கியா, பேபேசியா போன்ற கிருமிகள் இரத்தத்தில் புகுந்து உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும். கொசுவால் இதயப்புழு வரும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை கொடுக்கும் உண்ணி மாத்திரை 130 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 520. இதயப்புழுத் தடுப்பு மருந்து மாதம் 20 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 240. இரண்டும் சேர்ந்து 760. என் மாணவனின் நாய்க்கு வந்தது உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவன் கட்டுரையிலேயே, "நான் தினமும் அதன் காதிலிருந்து உண்ணிகளைப் பிடுங்குவேன்" என்று பெருமையாக எழுதியிருந்தான். அதை வாசித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

மூன்றாவது, முடியும் தோலும். நாட்டு நாயை வீட்டிலேயே குளிப்பாட்டலாம். நாய்க்குரிய குளியல் நீர்மம், காது துடைக்கும் மருந்து, நகவெட்டி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 120 ரிங்கிட் போதும். 'சிறிய நாய்தானே, செலவும் சிறிது' என்று ஷிட்சு வாங்குவோர் மட்டும் இங்கே சற்று நின்று கணக்கிட வேண்டும். ஆறு கிலோ ஷிட்சு ஏறத்தாழ 45 கிலோ தீனியோடு ஓராண்டை ஓட்டிவிடும். தீனியில் 540 ரிங்கிட் மிச்சம். ஆனால் அதன் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு வாரத்திற்கு ஒரு முறை முடிதிருத்தக் கடைக்கு 80 ரிங்கிட் கொடுத்தால் ஆண்டுக்கு ஒன்பது முறை, 720 ரிங்கிட். தீனியில் மிஞ்சியதெல்லாம் முடியில் போய்விடுகிறது. அதையும் மிச்சப்படுத்த எண்ணினால், முடி சிக்குப் பிடித்து, அடியில் ஈரம் தங்கி, தோல் புண்ணாகும். பிறகு அந்தப் பணம் மருத்துவரிடம் போகும்.

இன்னும் இரண்டு சிறு வரிகள் உண்டு. ஊராட்சி மன்ற உரிமம், கழுத்துப்பட்டை முதலியவற்றுக்கு 60 ரிங்கிட். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது நாயைக் காப்பகத்தில் விட, இரவுக்கு 35 ரிங்கிட் வீதம் ஆறு இரவுக்கு 210 ரிங்கிட்.

எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 1,080, 150, 760, 120, 60, 210. மொத்தம் 2,380 ரிங்கிட். மாதத்திற்கு ஏறத்தாழ 200 ரிங்கிட். இவை என் வட்டாரத்து விலைகள். உங்கள் ஊரில் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால், நாய்க்கு நோயே இல்லாத ஆண்டிலும் செலவு 'நூறு வெள்ளி'யைப் போல் இரு மடங்கு என்பது பெரிதாக மாறாது. குட்டியாக வந்த முதலாண்டில் கூடுதல் ஊசிக்கு 180, கருத்தடை அறுவைக்கு 400, கூண்டு, பாத்திரங்களுக்கு 200 என மேலும் 780 ரிங்கிட் சேரும்.

எங்கள் வீட்டு இரவு

இத்தனை கணக்கும் சொல்லும் நான், இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் செம்பி என்றொரு பெண் நாய் இருந்தது. தீனி, ஊசி, உண்ணி மாத்திரை எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தோம். கருத்தடை மட்டும் செய்யவில்லை. "வெளியே விடுவதில்லையே, எதற்கு வீணாக நானூறு வெள்ளி?" என்று சொன்னவள் நான்தான்.

செம்பிக்கு ஐந்து வயதானபோது, ஒரு பருவச் சுழற்சி முடிந்து ஐந்து வாரம் சென்றிருக்கும். வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வெயில் கடுமை என்று எண்ணினோம். மறுநாள் உணவைத் தொடவில்லை. 'ஒரு நாள் பட்டினி கிடந்தால் சரியாகிவிடும்' என்றோம். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, வாந்தி எடுத்துவிட்டு எழ முடியாமல் படுத்துவிட்டது. வயிறு உப்பியிருந்தது. வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை மூடியிருந்ததால், இரவிலும் திறந்திருக்கும் ஒன்றைத் தேடி என் கணவர் வண்டியை ஓட்டினார்.

வந்திருந்தது பயோமெட்ரா, அதாவது கருப்பையில் சீழ் கட்டும் நோய். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு ஒவ்வொரு பருவத்திற்குப் பின்னும் கருப்பையின் உட்சுவர் சுரப்பியினால் தடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே கிருமி தங்க ஏதுவாகிறது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து நமக்கு முன்கூட்டியே தெரியும். மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. நஞ்சு உள்ளேயே பரவும். செம்பிக்கு மூடியிருந்தது. பருவம் முடிந்த சில வாரங்களில் தண்ணீர்த் தாகம் மிகுந்து, உணவும் குறைந்தால், அதை வெயிலின்மேல் போடக் கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முகப்பில் ஒரு தாளை நீட்டினார்கள். அந்தப் பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் உள்ளது. இரவுக் கட்டணம் 180, இரத்தச் சோதனை 220, ஒலி அலைப் படம் 150, மயக்க மருந்தும் அறுவையும் 1,700, இரண்டு நாள் உள்ளிருப்பும் சொட்டு மருந்தும் 400, மருந்தும் மறுபரிசோதனையும் 190. மொத்தம் 2,840 ரிங்கிட். அறுவைக்கு முன் பாதிப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். மாதக் கடைசி. எங்கள் கணக்கில் இருந்தது 900 ரிங்கிட்.

என் மகள் செம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே சென்று என் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "அக்கா, கணக்கு எண்ணை அனுப்புங்க" என்பதைத் தவிர அவன் வேறொன்றும் கேட்கவில்லை. செம்பி பிழைத்தது. தம்பி இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். செம்பனைத் தோட்டத்திற்கு வண்டியை ஓட்டிச் சென்ற அந்தத் தந்தையை நான் ஏசாததற்குக் காரணம் இதுதான்.

நான் மிச்சப்படுத்திய நானூறு வெள்ளி ஏழு மடங்காகித் திரும்பி வந்தது.

சராசரி என்னும் ஏமாற்று

இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களும் தவறுகிறார்கள். ஐந்தாண்டில் ஒரு முறை 2,840 என்றால் ஆண்டுக்கு 568, மாதத்திற்கு 47 வெள்ளிதானே என்பார்கள். வகுத்தல் சரி. ஆனால், இரவு பதினொரு மணிக்கு முகப்பில் இருப்பவர் உங்களிடம் 47 வெள்ளி கேட்பதில்லை. ஆயிரம் நாய் வைத்திருப்பவருக்குச் சராசரி உதவும். ஒரு நாய் வைத்திருப்பவருக்கு அது உதவாது. நம் நாய்க்குப் பத்தாண்டு ஒன்றும் வராமலிருக்கலாம், வீட்டிற்கு வந்த பத்தாம் நாளே பார்வோவும் வரலாம்.

ஆகவே, தீனி, ஊசி, முடிதிருத்தம் ஆகியவை மாதக் கணக்கில் எழுத வேண்டியவை. அவசர மருத்துவம் அப்படியன்று. அது நாய் வீட்டில் கால்வைக்கும் நாளுக்கு முன்பே தனியாக இருக்க வேண்டிய தொகை. ஓர் அறுவையையும் இரண்டு மூன்று நாள் உள்ளிருப்பையும் தாங்க 3,000 ரிங்கிட் வேண்டும் என்பது என் மதிப்பீடு. காப்பீடு இருக்கிறதே என்போர், அது பெரும்பாலும் நாம் முதலில் கட்டிய பணத்தைப் பின்னர்த் திருப்பித் தருவது என்பதையும், முன்பே இருந்த நோய்க்குத் தராது என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். காப்பீடு இருந்தாலும் அன்றிரவுப் பணம் நம் கையில் இருந்தாக வேண்டும்.

அந்தத் தொகை கையில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. பணம் இல்லாதவர் 'நாளை பார்ப்போம்' என்று காத்திருப்பார். ஈறு வெளுத்துப்போதல், இரத்த வாந்தி அல்லது இரத்தக் கழிச்சல், சிறுநீர் கழிக்க முடியாமை, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே செல்ல வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சீட்டில் ஒரு வரி கூடும். செம்பியை முதல் நாளே கொண்டு சென்றிருந்தால் இரவுக் கட்டணமும் இல்லை, இரண்டு நாள் உள்ளிருப்பும் ஒருவேளை குறைந்திருக்கும்.

"தோட்டத்தில் என்ன செலவு செய்தோம்?"

இப்படி எழுதினால் பெரியவர்கள் ஒன்று கேட்பார்கள்: "அந்தக் காலத்தில் தோட்டத்தில் மிச்சச் சோற்றைப் போட்டுத்தானே நாய் வளர்த்தோம்?" நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். எங்கள் லயத்து நாய்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவற்றில் எத்தனை முதுமை அடைந்தன என்று எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு வயதில், மூன்று வயதில் திடீரெனக் காணாமற்போகும். 'செத்துப் போச்சு' என்பார்கள். அடுத்த வாரம் வேறொரு குட்டி வரும். அன்றும் செலவு இருந்தது. அதை நாய் தன் ஆயுளால் கட்டியது. மிச்சச் சோற்றிலும் குற்றம் உண்டு. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இன்று சட்டமும் மாறிவிட்டது. விலங்கு நலச் சட்டம் 2015, தம் விலங்கைத் துன்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் காக்க உரிய நடவடிக்கை எடுப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது.

இன்னொரு கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை நாய் வளர்க்கவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் உள்ளன. அரசு கால்நடை மருத்துவமனையில் கட்டணம் குறைவு. விலங்கு நல அமைப்புகள் குறைந்த செலவில் கருத்தடை செய்ய உதவுகின்றன. ஊசியும் கருத்தடையும் முடிந்த வளர்ந்த நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்தால் முதலாண்டுக் கூடுதல் செலவில் பெரும்பகுதி இல்லை. ஆனால், ஊசியையும் உண்ணி மருந்தையும் நிறுத்துவது சிக்கனம் ஆகாது. அது கடன், வட்டியோடு திரும்பும்.

நாய்க்கு முன் ஓர் ஒத்திகை

குட்டி கேட்கும் பிள்ளையிடம் உடனே 'சரி' என்றும் சொல்லாதீர்கள், 'முடியாது' என்றும் சொல்லாதீர்கள். ஓர் உண்டியலையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொடுங்கள். நாய் வீட்டில் இருப்பதாகவே எண்ணி, மாதந்தோறும் பராமரிப்புக்கு 200, அவசரத்திற்கு 50, ஆக 250 ரிங்கிட்டை ஒதுக்குங்கள். வரவைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். பன்னிரண்டு மாதத்தில் 3,000 ரிங்கிட் சேரும்; அது அவசரத் தொகை. மேலும் மூன்று மாதம் தொடர்ந்தால் 750. முதலாண்டுக் கூடுதல் செலவு ஏறக்குறைய அடைந்துவிடும். பதினாறாம் மாதம் குட்டி வரட்டும். அன்றிலிருந்து 200 நாய்க்குப் போகும், 50 உண்டியலில் தொடரும்.

ஐந்தாம் மாதமே ஒதுக்க முடியாமல் போனால்? அதையும் பிள்ளை தன் புத்தகத்தில் பார்ப்பான். வருத்தப்படுவான். ஆனால் அந்த வருத்தத்தில் எந்த உயிரும் தெருவில் நிற்காது.

அந்த மாணவன் ஆண்டிறுதியில் இன்னொரு கட்டுரை எழுதினான். தலைப்பு 'என் எதிர்கால ஆசை'. பெரியவனானதும் வண்டி வாங்கி, செம்பனைத் தோட்டம் முழுவதும் சென்று தன் நாயைத் தேடுவேன் என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் நெடுநேரம் சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.